பண்டிகைக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ் கட்டணம் ஏன் எகிறுகிறது, குறைந்த செலவில் டிக்கெட் போடுவது எப்படி: சென்னை – திருநெல்வேலி கணக்கோடு முழு வழிகாட்டி

ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அலுவலகத்தில் எட்டு பத்துப் பேருக்கு நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். எல்லோரும் தென்மாவட்டம். புதிதாகச் சென்னைக்கு வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது பழகிவிட்டது. பெரும்பாலும் அவர்கள் தாமதமாகத் தேடுவதில்லை. தவறான வரிசையில் தேடுகிறார்கள். முதலில் ஆம்னி பஸ்ஸைப் பார்த்து, விலையைக் கண்டு அதிர்ந்து, பிறகு ரயிலுக்கு ஓடி, கடைசியில் அரசு பஸ்ஸை நினைக்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் தலைகீழ்.

எடுத்துக்காட்டுக்கு 2026 தீபாவளியை வைத்துக்கொள்கிறேன். நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பயணம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு, சுமார் 620 கிலோமீட்டர். மதுரை, நாகர்கோவில், கோவை என உங்கள் ஊர் எதுவானாலும் வரிசை இதுதான்.

## 1. விலை எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

காரணம் தெரியாமல் தேடினால் எந்தப் பக்கம் நகர்ந்தால் விலை குறையும் என்று தெரியாது. அதனால் இதையும் ஒரு படியாகவே வைக்கிறேன்.

அரசு பஸ் 'ஸ்டேஜ் கேரியேஜ்' உரிமத்தில் ஓடுகிறது. அதன் கட்டணம் அரசு நிர்ணயிப்பது. ஆம்னி பஸ் 'காண்ட்ராக்ட் கேரியேஜ்', அதாவது ஒப்பந்த வண்டி. கல்யாணத்துக்கு வண்டி பிடிப்பதுபோல மொத்தமாக வாடகைக்கு விடுவதற்கான உரிமம் அது. நடைமுறையில் சீட்டு சீட்டாக விற்கிறார்கள். அரசு பஸ்ஸுக்கு இருப்பதுபோல கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கட்டணம் இவற்றுக்கு நிர்ணயிக்கப்பட்டதில்லை. 2022-இல் உரிமையாளர் சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணப் பட்டியல் வெளியிட்டன. அது அவர்கள் போட்டுக்கொண்ட உச்சவரம்பே தவிர, அரசு விதித்த விலை அல்ல.

சரி, அரசு விதித்த உச்சவரம்பு இல்லை. ஆனாலும் ஏன் குறிப்பாக அந்த இரண்டு நாள் ஏறுகிறது? உரிமையாளர்கள் சொல்லும் பதில்: "போகும்போது ஃபுல், வரும்போது காலி." இதில் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்று ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். டீசல், சுங்கம், டிரைவர் பேட்டா, சாலை வரி, கடன் தவணை எல்லாம் சேர்த்து ஒரு ஸ்லீப்பர் பஸ் போய்வர 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் 30 படுக்கை. சாதாரண வாரத்தில் போகையில் 24, வருகையில் 24 என்று நிரம்பினால் மொத்தம் 48 டிக்கெட். ஒரு டிக்கெட்டுக்கு 1,250 ரூபாய் வந்தால் செலவு கட்டிவிடும்.

தீபாவளிக்கு முன் போகையில் 30 பேர், திரும்புகையில் 4 பேர். மொத்தம் 34 டிக்கெட். அதே 60,000-ஐ வகுத்தால் ஒரு டிக்கெட் ஏறத்தாழ 1,765 ரூபாய். அதாவது காலியாகத் திரும்பும் செலவு விலையைச் சுமார் 40 சதவீதம்தான் ஏற்றும். திரையில் 3,500 என்று தெரிந்தால், மிச்சமெல்லாம் தட்டுப்பாட்டின் விலை. ஒரே வெள்ளிக்கிழமை இரவு, ஒரே திசையில், எல்லோருக்கும் படுக்கை வசதி வேண்டும். அந்த இரவுக்கு மட்டும் வண்டிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க முடியாது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலையை ஏற்றுவது மூன்று விஷயங்கள்: அந்த இரவு, அந்தத் திசை, அந்தப் படுக்கை. மூன்றில் ஒன்றிலிருந்து விலகினாலே காசு மிச்சமாகும். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த விலகலுக்கான வழிகள்தான்.

## 2. தேதி வருமுன் கையில் இருக்க வேண்டியவை

ரயில் முன்பதிவு திறக்கும் காலையில் போய்க் கணக்கு தொடங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று எதுவும் நடக்காது.

ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்காலுக்கு இது கட்டாயம். 2025 அக்டோபரிலிருந்து, சாதாரண முன்பதிவு திறக்கும் நேரத்திலும் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே இடம். சரிபார்க்காத கணக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில் ரயில் நிரம்பிவிடும். ஆதாரில் இருக்கும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் சரிபார்ப்பு நிராகரிக்கப்படும். இனிஷியலால் இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் நம்மூரில் அதிகம். அதனால் இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள்.

குடும்பத்தார் பெயர், வயதை முன்கூட்டியே பயணியர் பட்டியலில் சேமித்து வையுங்கள். tnstc.in தளத்திலும் ஒரு கணக்கு தொடங்குங்கள். யு.பி.ஐ. தவிர இன்னொரு வழியில் பணம் கட்டவும் தயாராக இருங்கள். எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தும்போது பணம் போய் டிக்கெட் வராமல் நிற்பது சகஜம்.

## 3. தேதியை முடிவு செய்யுங்கள், பிறகு பின்னோக்கி எண்ணுங்கள்

எந்த நாள் கிளம்புவது என்பதுதான் மிகப் பெரிய சேமிப்பு. தீபாவளி ஞாயிறு என்றால் வெள்ளி இரவு உச்சம், சனி காலை அதற்கடுத்து. வியாழன் இரவு கிளம்பி வெள்ளியன்று ஊரிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தால் முதலில் அதைக் கேளுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும், நாலு பேர் குடும்பத்துக்கு மிச்சமாகும் தொகை அந்த ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கலாம். கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. அரசு விரைவு பஸ் முன்பதிவு 90 நாள் முன்பு திறக்கிறது. ரயில் 60 நாள் முன்பு. பயண நாளை இதில் சேர்க்கக் கூடாது. 2024 நவம்பருக்கு முன் ரயிலுக்கு 120 நாள் இருந்தது. அந்தப் பழைய கணக்கில் நாட்காட்டியில் குறித்து வைத்தவர்கள் குழம்புகிறார்கள்.

நவம்பர் 6, வெள்ளி இரவு கிளம்பினால் அரசு பஸ்ஸுக்கு ஆகஸ்ட் 8, ரயிலுக்கு செப்டம்பர் 7. நவம்பர் 5, வியாழன் இரவு என்றால் ஆகஸ்ட் 7, செப்டம்பர் 6. திரும்பும் நாள் நவம்பர் 9, திங்கள் இரவு என்றால் ஆகஸ்ட் 11, செப்டம்பர் 10. இந்த ஆறு தேதிகளையும் இப்போதே கைப்பேசியில் நினைவூட்டலாகப் போடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ரயிலின் 60 நாள், அந்த ரயில் புறப்படும் முதல் நிலையத்தின் தேதியிலிருந்து எண்ணப்படுவது. நடுவழி ஊரில் நள்ளிரவுக்குப் பின் ஏறுகிறவர்களுக்கு முன்பதிவு ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும். இரண்டாவது, இரவு 12.30 மணி பஸ். வெள்ளி இரவு 12.30 என்றால் தேதி சனி, நவம்பர் 7. போன வருடம் ஒரு தம்பி வெள்ளி தேதியில் 12.30 பஸ்ஸைப் போட்டுவிட்டு, வெள்ளி இரவு பையோடு கிளாம்பாக்கம் போய் நின்றான். அவன் பஸ் இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது.

## 4. முதலில் அரசு விரைவு பஸ், காப்பாக

ரயில்தான் மலிவு, வசதி. ஆனாலும் முதலில் எடுக்க வேண்டியது அரசு விரைவு பஸ். ஒரே காரணம், அது ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே திறக்கிறது. இந்த டிக்கெட் கையில் இருந்தால் செப்டம்பர் 7 காலை பதற்றம் இருக்காது. ரயில் கிடைத்தால் இதை ரத்து செய்யலாம். ரத்துக் கட்டணமாக ஒரு பகுதி பிடிப்பார்கள். அதைக் காப்பீட்டுத் தொகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேர ஆம்னி விலையோடு ஒப்பிட்டால் அது சின்னது.

இதில் புதியவர்கள் செய்யும் பிழை, 'இடமில்லை' என்று வந்தவுடன் பக்கத்தை மூடிவிடுவது. பண்டிகைக்குச் சில வாரம் முன் போக்குவரத்துத் துறை சிறப்புப் பஸ்களை அறிவிக்கும். அந்த வண்டிகள் பின்னர் அதே தளத்தில் சேர்க்கப்படும். அறிவிப்பு வந்த அன்று மாலை, மறுநாள் காலை என்று இரண்டு முறை பாருங்கள். திருநெல்வேலி நிரம்பியிருந்தால் நாகர்கோவில், கன்னியாகுமரி, செங்கோட்டை, தூத்துக்குடி வண்டிகளையும் தேடுங்கள். நாகர்கோவில் வண்டி நெல்லை வழிதான் போகும். தூத்துக்குடி போய்விட்டால் நெல்லை ஒரு மணி நேரத் தொலைவு.

எந்த முனையத்திலிருந்து கிளம்பும் என்பதையும் டிக்கெட்டில் படியுங்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென்மாவட்ட வண்டிகள் அங்கேதான். கோயம்பேடு என்று நினைத்துப் போய், அங்கிருந்து ஆட்டோவில் கிளாம்பாக்கம் ஓடினால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

## 5. ரயில்: எட்டு மணிக்கு, ஒரே முயற்சி

செப்டம்பர் 7 காலை 7.50-க்கு உள்ளே நுழைந்து ரயிலைத் தேர்ந்து வைத்திருங்கள். எட்டுக்குத் திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் எல்லோரும் பாய்வார்கள். முதல் முயற்சியில் காத்திருப்போர் பட்டியல் வந்தால் அதையே எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரண்டும் நெல்லை வழிதான். உடனே அவற்றுக்குத் தாவுங்கள். அதற்காக இந்த ரயில்களின் எண்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பகல் ரயிலை நம் ஆட்கள் மறந்தே போகிறார்கள். எல்லோருக்கும் இரவில் தூங்கிக்கொண்டே போக வேண்டும். எழும்பூரிலிருந்து மதியம் கிளம்பும் வந்தே பாரத் இரவே நெல்லை சேர்ந்துவிடும். மதுரை வரை என்றால் வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வந்தே பாரத் கட்டணம் ஸ்லீப்பரைவிட அதிகம்தான். ஆனால் பண்டிகை என்பதற்காக அது இரட்டிப்பாவதில்லை. வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது. உங்கள் தேதி அந்த நாளில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை நெருங்கும்போது தெற்கு ரயில்வே சிறப்பு ரயில்களை அறிவிக்கும். சிறப்புக் கட்டணம் என்பதால் வழக்கமான ரயிலைவிடக் கொஞ்சம் கூடும். அப்படியும் ஆம்னியை எட்டாது. அறிவிப்போடு முன்பதிவு தொடங்கும் நாளும் நேரமும் வரும். வழக்கமான ரயிலின் 60 நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது என்பதால், எட்டு மணிக்கு இடம் பிடிக்கத் தவறியவர்களுக்கு இது இரண்டாம் வாய்ப்பு.

## 6. ஆம்னி பஸ் எடுப்பதாக இருந்தால்

இங்கேதான் அவசரம் அதிகம் கெடுக்கும். பண்டிகைத் தேதிக்கு ஆம்னி நிறுவனங்கள் எல்லா வண்டிகளையும் ஒரேயடியாகத் திறப்பதில்லை. சிலர் முதலில் ஒன்றிரண்டு வண்டியை மட்டும் உயர்ந்த விலையில் போட்டுப் பார்ப்பார்கள். தேவை எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு மற்ற வண்டிகள், வேறு தடத்திலிருந்து எடுத்த வண்டிகள் எல்லாம் உள்ளே வரும். அதனால் முதல் நாள் தெரியும் விலையைக் கண்டு பயந்து வாங்க வேண்டாம். அதற்காகக் கடைசி வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். அரசு பஸ் டிக்கெட் கையில் இருக்கிறவர்தான் நிதானமாகக் காத்திருக்க முடியும். நாலாவது படியை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலையை ஒப்பிடும்போது பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் தொகையைப் பாருங்கள். ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம், தானாகவே டிக் போட்டு வைத்திருக்கும் பயணக் காப்பீடு எல்லாம் அங்கேதான் ஏறும். அதே பஸ்ஸை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் தேடுங்கள். செயலிக்குத் தரும் கமிஷன் இல்லாததால் சில நேரம் அங்கே குறையும். சில நேரம் செயலியின் கூப்பனால் இங்கே குறையும். இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பிறகு அந்த மூன்று விஷயங்களில் ஒன்றை நகர்த்துங்கள். இரவு எட்டிலிருந்து பத்துக்குள் கிளம்பும் வண்டிதான் உச்ச விலை. மாலை நாலு மணி வண்டி, நள்ளிரவு தாண்டிய வண்டி இரண்டும் பொதுவாகக் குறையும். ஸ்லீப்பரை விட்டு செமி ஸ்லீப்பர் சீட்டுக்கு வந்தாலும் குறையும். ஒன்று மட்டும்: நள்ளிரவு வண்டி பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வந்து திரும்புகிற வண்டி. பெருங்களத்தூர், செங்கல்பட்டு நெரிசலில் அது மாட்டினால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் தாமதம். குழந்தையோடு போகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

பணம் கட்டும் முன் ரத்து விதியைப் படியுங்கள். பண்டிகைத் தேதிகளுக்குப் பல நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

இதில் எனக்கே ஓர் அனுபவம். இரண்டு மாதம் முன்பு நல்ல விலையில் எடுத்த டிக்கெட். பயணத்துக்கு நாலு நாள் முன்பு ஒருவர் கூப்பிட்டு, "சார், வண்டி ரிப்பேர், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் வந்துடும்" என்றார். நானும் அப்பாவியாக அழுத்தினேன். பயணி ரத்து செய்த கணக்கில் பாதிப் பணம் போய்விட்டது. அன்று இரவே அதே நேரத்துக்கு அதே நிறுவனத்தின் வண்டி மூன்று மடங்கு விலையில் இருந்தது. அப்படி யாராவது சொன்னால் நீங்கள் கை வைக்காதீர்கள். ரத்து செய்ய வேண்டியது அவர்கள். அவர்கள் செய்தால்தான் முழுப் பணமும் உங்கள் உரிமை. அழைப்பின் நேரம், குறுஞ்செய்தி, புதிய விலை தெரியும் திரை எல்லாவற்றையும் படம் பிடித்து, டிக்கெட் வாங்கிய செயலியிலும் போக்குவரத்துத் துறை பண்டிகைக்கு அறிவிக்கும் புகார் எண்ணிலும் கொடுங்கள். அதிகாரிகள் சுங்கச்சாவடியில் நிறுத்தி உரிமத்தையும் வரியையும் சோதிப்பார்கள். அதிகம் வாங்கியதைத் திருப்பித் தரவைப்பதும் உண்டு. அதை நம்பி அதிக விலைக்கு வாங்க வேண்டாம்.

## 7. பயணத்தை உடைத்துப் போவது

நேரடி டிக்கெட் எதுவும் கிடைக்காதவர்களுக்கு இதுதான் நம்பகமான வழி. தனியாளுக்கும் இரண்டு பேருக்கும் பொருந்தும். கைக்குழந்தை, முதியவர் என்றால் வேண்டாம்.

கிளாம்பாக்கத்திலிருந்து திருச்சிக்கு அரசு பஸ் தொடர்ந்து ஓடும். சுமார் 300 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை 135, மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து நெல்லை 160 கிலோமீட்டர் அளவில். மாட்டுத்தாவணியில் இரவு முழுக்க நெல்லை வண்டி கிடைக்கும். 'எண்ட் டு எண்ட்' பஸ்ஸைக் கேட்டு ஏறினால் நடுவில் நின்று நின்று போகாது. மூன்று டிக்கெட்டும் அரசு நிர்ணயித்த கட்டணம் என்பதால், கூட்டினாலும் அன்றைய ஆம்னி விலையில் சிறு பங்குதான் வரும்.

காலையில் கிளம்புவது முக்கியம். மதியம் இரண்டுக்குப் பிறகு கிளம்பினால் அலுவலகக் கூட்டத்தோடு சேர்ந்து, நள்ளிரவில் திருச்சியில் இடம் பிடிக்க முட்டிமோத வேண்டிவரும். காலை ஆறுக்குள் ஏறியவர் இரவு உணவுக்கு வீட்டில் இருப்பார். இன்னொன்று, திருச்சியில் வெளியூர் பஸ்கள் 2025 ஜூலையிலிருந்து பஞ்சப்பூர் முனையத்திலிருந்து ஓடுகின்றன. பழைய நினைவில் மத்திய பேருந்து நிலையம் போய் இறங்கினால் திரும்ப ஊருக்கு வெளியே வர வேண்டும்.

## 8. திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுங்கள்

போவதற்கு அலைந்து டிக்கெட் பிடித்தவர், திரும்புவதை மறந்து அதே விலையைத் தலைகீழாகக் கட்டுவார். தீபாவளி ஞாயிறு என்பதால் அன்றிரவே சென்னை திரும்பும் கூட்டம் பெரியது. திங்கள் இரவு அல்லது செவ்வாய் என்றால் நெரிசல் தணியும். அதனால்தான் மூன்றாவது படியில் திங்கள் இரவுக்குத் தேதி எண்ணினேன்.

காலியாகத் திரும்பும் வண்டி நினைவிருக்கிறதா? பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாள் நெல்லையிலிருந்து சென்னை வரும் வண்டிகள் அவை. கிடைத்த விலைக்கு விற்பார்கள். வீட்டில் நாலு பேர் ஊருக்குப் போவதற்குப் பதிலாக அம்மா அப்பா இரண்டு பேரைச் சென்னைக்கு வரவழைத்தால், போக வர இரண்டுமே கூட்டத்துக்கு எதிர்த் திசை. எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி அப்படிப் போனது. அம்மாவுக்குத்தான் முற்றம் இல்லாத தீபாவளி பிடிக்கவில்லை.

## 9. கடைசி இரண்டு நாளிலும் ஒன்றும் கையில் இல்லை என்றால்

பயணத்துக்கு முந்தைய நாள் தட்கால்: ஏ.சி. வகுப்புக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. இரண்டில் ஒன்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பத்து மணிக்குத் தோற்றுவிட்டுப் பதினொன்றுக்கு வேறு ரயிலைத் தேடத் தொடங்கினால் அதற்குள் முடிந்துவிடும். அது போனால் கிளாம்பாக்கத்தில் முன்பதிவு இல்லாத சிறப்புப் பஸ். பகலில் போய் நின்றால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதுவும் இல்லையென்றால் ஏழாவது படி.

வாட்ஸாப் குழுவில் "எமர்ஜென்சி, டிக்கெட் இருக்கு, பாதி விலை" என்று வருவதை வாங்க வேண்டாம். ரயில் டிக்கெட்டில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாப் பயணி என்றே அபராதம் போடுவார்கள். பஸ் டிக்கெட் என்றால், விற்றவர் பணம் வந்ததும் ரத்து செய்துவிட்டு அந்தப் பணத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் பஸ்ஸில் ஏறும்போதுதான் அது தெரியவரும்.